ஒரே பில்லுக்கு இரண்டு தடவை கட்டிய பணம்: விநியோகஸ்தரிடம் திருப்பிக் கேட்பது எப்படி?

வாசகரின் கடிதம்

ஐயா, புதுக்குடியிருப்பில் கோழித்தீவனக் கடை நடத்துகிறேன். வவுனியா விநியோகஸ்தர் ஒருவரிடம் மார்ச் 4 இல் 186,400 ரூபாவுக்குத் தீவனம் எடுத்தோம். ஏப்ரல் 2 இல் அவர்களுடைய நிறுவனப் பெயருக்குக் காசோலை எழுதி, கடைக்கு வந்த விற்பனைப் பிரதிநிதியிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டும் வாங்கினேன். ஏப்ரல் 17 இல் அந்தப் பில் கட்டப்படவில்லை என்று வாட்ஸ்அப்பில் கணக்குக் கூற்று அனுப்பினார்கள். நான் கடையில் இல்லாத நேரம், என் தம்பி அதைப் பார்த்துப் பதறி, போன் வழியாக முழுத் தொகையையும் அனுப்பிவிட்டான். 21 ஆம் திகதி காசோலையும் மாறிவிட்டது. மே முடிவில் வங்கிக் கூற்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

கேட்டால் அலுவலகத்தில் ஒரு கொடுப்பனவுதான் வந்திருக்கிறது என்கிறார்கள். பிரதிநிதியோ “அடுத்த லோட்டில் கழிப்பம் அக்கா, பழைய பாக்கி 38,200 உம் இருக்குத்தானே” என்கிறார். அந்தப் பாக்கி பூஞ்சணம் பிடித்துத் திருப்பி அனுப்பிய மூட்டைகளுக்கானது. அதை நான் ஏற்கவில்லை. ஜூன் 20 திகதியிட்ட என்னுடைய 142,750 ரூபாக் காசோலையும் அவர்களிடம் உண்டு. அதை வங்கியில் நிறுத்திவிடலாமா? வங்கியே பணத்தைத் திருப்பி எடுத்துத் தராதா? பொலிஸுக்குப் போகலாமா? தவறு எங்கள் பக்கம் என்பதால் கேட்கும் உரிமை இல்லையென்று சிலர் சொல்கிறார்கள்.

சட்டத்தரணியின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைச் சிலர் பயமுறுத்தியிருக்கும் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தரவேண்டியிராத கடனுக்காகத் தவறுதலாகச் செலுத்திய பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை நம் நாட்டில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. மூன்று விடயங்களை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பணம் செலுத்தப்பட்டது, செலுத்திய அந்தத் தொகை உண்மையில் தரவேண்டியதாக இருக்கவில்லை, தரவேண்டும் என்று நம்பித் தவறுதலாகவே அது செலுத்தப்பட்டது என்பனவே அவை. அந்தத் தவறு மன்னிக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்றும் சட்டம் எதிர்பார்க்கிறது. எதையும் பாராமல் அள்ளிக் கொடுத்தவருக்கு அது அவ்வளவு எளிதாக இரங்காது.

உங்கள் விடயத்தில் இந்தக் கடைசி நிபந்தனை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. உங்கள் தம்பி தானாக அந்தப் பணத்தை அனுப்பவில்லை. காசோலையை வாங்கி இரண்டு கிழமை கடந்த பின்னரும் அதைத் தங்கள் ஏட்டில் பதியாமல், பில் இன்னும் நிலுவையில் இருப்பதாக விநியோகஸ்தரே எழுத்தில் அறிவித்தார். அதை நம்பித்தான் அவர் அனுப்பினார். ஆகவே ஏப்ரல் 17 இல் வந்த அந்த வாட்ஸ்அப் கணக்குக் கூற்றே உங்கள் கையிலுள்ள மிகப் பெறுமதியான ஆவணம். போன் மாற்றும்போதோ இடம் போதாமல் படங்களை அழிக்கும்போதோ அது தொலைந்துவிடக் கூடாது. அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து, அச்சிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூலச் செய்தியை அழிக்கவே வேண்டாம்.

அந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது?

“ஒன்றுதான் வந்திருக்கிறது” என்ற பதிலைக் கேட்டவுடன் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவெடுக்க வேண்டாம். நான் பார்த்த இத்தகைய பிணக்குகளில் கணிசமானவை, பெற்றவர் தம்மிடம் மேலதிகப் பணம் இருப்பதையே அறியாத நிலையில் தொடங்கியவை. போன் வழியாக அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தைப் பலரும் வெறுமையாக விடுகிறார்கள், அல்லது “தீவனம்” என்று மட்டும் எழுதுகிறார்கள். பணம் உங்கள் தம்பியின் பெயரிலுள்ள கணக்கிலிருந்து போயிருந்தால், கடையின் பெயரில் ஏடு வைத்திருக்கும் வவுனியாக் கணக்கெழுதுநருக்கு அது யாருடைய பணம் என்றே தெரிந்திருக்காது. அது அடையாளந் தெரியாத வரவாகத் தனியே கிடக்கலாம், வேறொரு வாடிக்கையாளரின் கணக்கில் ஏறியிருக்கலாம், அல்லது அந்த 38,200 ரூபாப் பாக்கிக்கு எதிராகப் பதியப்பட்டிருக்கலாம்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடமுடியாது. ஏப்ரல் 2 இல் கொடுத்த காசோலை 21 இல்தான் மாறியிருக்கிறது. இடையில் புத்தாண்டு விடுமுறை வந்ததனால் பிரதிநிதி தாமதமாக வைப்பிலிட்டிருக்கலாம். ஆனால், காசோலை அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போனதா என்பதை நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். நமது பகுதியில் ஒருவர் பெயருக்கு எழுதிய காசோலை பின்பக்கக் கையொப்பத்துடன் கைமாறிப் போவது சாதாரண வழக்கம். மேலே இரண்டு கோடிட்டு, பெறுநர் கணக்குக்கு மட்டும் என்று எழுதியிருந்தீர்களாயின் அந்த ஆபத்து மிகக் குறைவு. எழுதாமல் விட்டிருந்தால் அது வேறொருவரின் கணக்கில் மாறியிருக்கவும் கூடும்.

இதை அறிவதற்கு உங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். 2006 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் காசோலைகளின் படிமங்களே வங்கிகளுக்கிடையில் பரிமாறப்படுகின்றன. உங்கள் காசோலையின் முன்பக்க, பின்பக்கப் படிமங்களை உங்கள் வங்கியிடம் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில், எந்தக் கணக்கில் வைப்பிலிடப்பட்டது என்பது அதிலிருந்து தெரியவரும். அதே வேளையில், தம்பி அனுப்பிய பணத்தின் பரிமாற்ற இலக்கத்தையும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கு இலக்கத்தையும் குறிக்கும் உறுதிப்படுத்தலையும் கேட்டு வாங்குங்கள்.

காசோலை வேறு கணக்குக்குப் போயிருந்தாலும் உங்கள் நிலை கெட்டுவிடாது. நிறுவனத்தின் அச்சிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் பிரதிநிதி எழுதித் தந்திருந்தால், அவரிடம் கொடுத்தது நிறுவனத்திடம் கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று வாதிடலாம். பிரதிநிதி செய்த பிழை அவருக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையிலான சிக்கல். வெறும் தாளில் எழுதிய பற்றுச்சீட்டு என்றால் வாதம் கடினமாகும். அப்படியானால் கோரிக்கைக் கடிதம் அனுப்புவதற்கு முன் ஒரு சட்டத்தரணியை நேரில் சந்தியுங்கள்.

அடுத்து, எந்தக் கொடுப்பனவு மேலதிகமானது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். காசோலை மாறாவிட்டால் கடன் மீண்டும் உயிர்பெறும் என்ற நிபந்தனையுடனேயே காசோலையால் கடன் தீர்கிறது. உங்கள் காசோலை மாறிவிட்டதால், அது கொடுக்கப்பட்ட ஏப்ரல் 2 ஆம் திகதியே பில் தீர்ந்ததாகக் கருத இடமுண்டு. ஆகவே 17 ஆம் திகதி அனுப்பிய பணமே மேலதிகம். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றிலும் இதையே ஒரே மாதிரிச் சொல்லுங்கள். ஒருமுறை காசோலையையும் இன்னொருமுறை போன் பணத்தையும் கேட்டீர்களாயின், அவர்களுடைய கணக்கெழுதுநர் குழம்புவதற்கு நீங்களே காரணமாகிவிடுவீர்கள்.

வங்கியும் பொலிஸும்

போனில் அனுப்பும் பணம் பெரும்பாலும் CEFTS முறையில் சில நொடிகளில் மற்றவரின் கணக்கில் வரவாகிவிடும். சரியான கணக்குக்கு, சரியான தொகை, கணக்கு வைத்திருப்பவரின் அனுமதியுடன் போய்ச் சேர்ந்த பின்னர், பெற்றவரின் சம்மதமின்றி அதை மீளப் பெற்றுத்தர உங்கள் வங்கியால் முடியாது. கிளையில் எழுத்துமூலம் கேட்டால் பெறுநரின் வங்கிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புவார்கள். அந்த வேண்டுகோளைச் செய்யுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தவறு நடந்ததை அறிந்தவுடன் நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதற்கு அது ஒரு சான்றாக இருக்கும்.

பொலிஸைப் பொறுத்தவரை, நல்லெண்ணத்துடன் கையில் வந்த பிறர் பணத்தைப் பின்னர் உண்மை தெரிந்தும் நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டக்கோவையின் 386 ஆம் பிரிவின் கீழ் குற்றமாகலாம் என்பது உண்மையே. ஆனால், இன்றைய நிலையில் விநியோகஸ்தர் மறுக்கவில்லை. கணக்கில் காணவில்லை என்கிறார். எழுத்துமூலமாக ஆதாரங்களைக் காட்டிக் கேட்கும் முன்னர் பொலிஸுக்குப் போனால், இது குடியியல் பிணக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாதாமாதம் தீவனம் தரும் ஒருவருடனான உறவும் முறிந்துபோகும். காசோலை வேறொருவர் கணக்கில் மாறியிருப்பது தெரியவந்தால் மட்டும் இந்தக் கருத்து மாறும்.

ஜூன் 20 காசோலையை நிறுத்தாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இந்த யோசனைதான். அவர்கள் எனக்கு 186,400 தரவேண்டும், நான் 142,750 தரவேண்டும், ஆகவே நிறுத்தினால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இரண்டு தரப்பும் ஒருவருக்கொருவர் தரவேண்டிய, அளவு உறுதியான, தவணை வந்த கடன்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்ற கொள்கை நம் சட்டத்திலும் உண்டு. ஆனால், காசோலை என்பது தனியான ஒரு வாக்குறுதி; பொருளை இறக்கிவிட்டுக் காசோலையை நம்பியிருப்பவருக்கு அது திடீரெனத் திரும்பிவந்தால் விடயம் வேறு திசையில் போகும். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடுதல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25 ஆம் பிரிவு, நேர்மையற்ற நோக்கத்துடன் கொடுப்பனவை நிறுத்துவதையும் குற்றமாக்குகிறது. உங்களிடம் நேர்மையற்ற நோக்கம் இல்லை என்று இறுதியில் நிரூபிக்கலாம். ஆனால், பணம் கேட்கும் நீங்கள் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டு, அதன் பின்னரே அதை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நிறுத்துவதற்குப் பதிலாகக் கேளுங்கள். அந்தக் காசோலையை வங்கியில் இடாமல் உங்களிடம் திருப்பித் தந்தால், அதன் தொகையான 142,750 ரூபாவை மேலதிகப் பணத்திலிருந்து கழித்துக்கொள்ள நீங்கள் சம்மதம் என்றும், மிகுதி 43,650 ரூபாவை மட்டும் உங்கள் கணக்குக்கு அனுப்பினால் போதும் என்றும் எழுதுங்கள். ஒரு விநியோகஸ்தருக்குக் கையிலுள்ள 186,400 ரூபாவை ஒரே நாளில் எடுத்துக் கொடுப்பதைவிட இது மிக எளிது. உங்களுக்கும் பெரும்பகுதி இந்த மாதத்திலேயே தீர்ந்துவிடும். 20 ஆம் திகதிக்கு முன்னர் அவர்கள் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் காசோலை மாறுவதற்குத் தேவையான பணத்தைக் கணக்கில் வைத்திருங்கள். சிறுபோகத்துக்குக் கடனாகக் கொடுத்த பணம் அறுவடைக்குப் பின்னரே உங்கள் கைக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம் இந்தக் கிழமையே போகவேண்டும் என்கிறேன்.

பிரதிநிதி சொல்லும் “அடுத்த லோட்டில் கழிப்பம்” என்பதும் ஏறக்குறைய இதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வேறுபாடு எழுத்தில் இருக்கிறது. அவர் எந்தத் தொகையை, எந்தப் பில்லில், எந்த விலையில் கழிப்பார் என்று சொல்லவில்லை. நாளை அவர் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் அந்தப் பேச்சும் அவருடனேயே போய்விடும். நிறுவனத்தின் உரிமையாளரோ அதிகாரமுள்ள ஒருவரோ கையொப்பமிட்டு, இத்தனை ரூபா உங்களுக்கு வரவாக உள்ளது, இந்தத் திகதிக்கு முன்னர் கழிக்கப்படாத மிகுதி பணமாகத் தரப்படும் என்று எழுதித் தந்தால் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

38,200 ரூபாப் பாக்கியை இந்தக் கணக்குக்குள் கலக்க விடாதீர்கள். கழிவுக்குச் சம்மதம் என்று பொதுவாக எழுதினால், அந்தப் பாக்கியையும் ஏற்றுக்கொண்டதாக அதற்குப் பொருள் சொல்லப்படும். பூஞ்சண மூட்டைகளைத் திருப்பி அனுப்பியதற்கு லொறிச் சாரதியிடம் வாங்கிய கையொப்பமோ குறிப்போ இருந்தால், அதைத் தனிக் கோப்பில் வைத்துத் தனியே பேசுங்கள்.

இதையொட்டிச் சிறியதொரு எச்சரிக்கை. மேலதிகக் கொடுப்பனவுக்காகச் சிலர் பொருள் திரும்பியதாகச் செலவுத்தாள், அதாவது கிரெடிட் நோட், எழுதித் தருவார்கள். மார்ச் 4 பில்லுக்கான பொருளில் எதுவும் திரும்பவில்லை. பில் அப்படியே நிற்கிறது. அப்படி எழுதினால் உங்கள் கொள்வனவுக் கணக்கு பிழைக்கும், வற் வரிப் பதிவுள்ள நிறுவனமானால் அவர்களுடைய வரிக் கணக்கும் பிழைக்கும். “மேலதிகமாகப் பெற்ற பணம்” என்றே எழுதிக் கேளுங்கள்.

கடிதத்தை எப்படி எழுதுவது?

குற்றஞ்சாட்டாமல், பார்த்தவுடன் கணக்கெழுதுநர் தமது ஏட்டில் தேடிப் பிடிக்கக்கூடியதாக எழுதவேண்டும். உரிமையாளரின் பெயருக்கு, பிரதிநிதிக்குப் பிரதியுடன், பின்வருமாறு எழுதலாம்:

> “மார்ச் 4 ஆம் திகதிய … இலக்கப் பில்லுக்கான 186,400 ரூபா, ஏப்ரல் 2 இல் தங்கள் பிரதிநிதியிடம் கொடுத்த … இலக்கக் காசோலை மூலம் செலுத்தப்பட்டு, 21 இல் மாற்றப்பட்டுள்ளது. காசோலை பதியப்படாத நிலையில் தாங்கள் 17 இல் அனுப்பிய கணக்குக் கூற்றை நம்பி, அதே பில்லுக்காக 186,400 ரூபா தங்களுடைய … இலக்கக் கணக்குக்கு, … என்ற பெயரிலுள்ள கணக்கிலிருந்து, … என்ற பரிமாற்ற இலக்கத்துடன் தவறுதலாக மீண்டும் அனுப்பப்பட்டது. மார்ச் 1 முதல் இன்றுவரையான எமது முழுக் கணக்குக் கூற்றையும் அனுப்பிவைத்து, மேலதிகத் தொகையை இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் … இலக்கக் கணக்குக்குத் திருப்பியனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். ஜூன் 20 திகதிய காசோலையை அதற்கு முன்னர் திருப்பித் தருமிடத்து, அத்தொகையைக் கழித்து மிகுதியைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறோம். வேறெந்த நிலுவைக்கும் எதிராக இத்தொகையைக் கழிக்க எமது சம்மதம் இல்லை.”

பற்றுச்சீட்டு, காசோலைப் படிமம், பரிமாற்ற உறுதிப்படுத்தல், அந்த வாட்ஸ்அப் கூற்று ஆகியவற்றின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் வாட்ஸ்அப்பிலும் அனுப்பினால் 20 ஆம் திகதிக்கு முன்னர் பதில் வர வாய்ப்புண்டு. பணம் தம்பியின் சொந்தக் கணக்கிலிருந்து போயிருந்தால், கடைக்காகவே அனுப்பினேன், கடைக்கே திருப்பித் தரலாம் என்று அவரும் அதில் கையொப்பமிடட்டும்; இல்லாவிட்டால் யாருக்குக் கொடுப்பது என்ற புதிய சாக்கு ஒன்று பிறக்கும்.

இந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் இன்னொரு பயனும் உண்டு. தனக்குரியதென்று நம்பிப் பெற்ற பணத்தை நல்லெண்ணத்துடன் செலவழித்துவிட்டேன், இப்போது அதனால் எனக்கு எந்த நன்மையும் மிஞ்சவில்லை என்று பெற்றவர் வாதிட இடமுண்டு. பணம் தமதல்ல என்று எழுத்தில் அறிந்த நாளுக்குப் பிறகு அவர் செலவழிப்பதற்கு இந்த வாதம் கைகொடுக்காது.

அதற்கும் பதில் இல்லாவிட்டால்

நேரே நீதிமன்றத்துக்குப் போகமுடியாது. இந்த அளவான தொகைக்கான பிணக்கை 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டத்தின் கீழ் முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கு இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. எதிர்த்தரப்பினர் வவுனியாவில் வியாபாரம் செய்வதால் அங்குள்ள சபையின் தவிசாளருக்கு விண்ணப்பிப்பது வழமை; எந்தச் சபை என்பதை உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டு அறியலாம். அங்கே சட்டத்தரணிகள் தரப்பினருக்காக ஆஜராக முடியாது, நீங்களே பேசவேண்டும். ஆவணங்கள் திகதி வரிசையில் இருந்தால் அதற்குமேல் பேச்சு அதிகம் தேவைப்படாது.

அங்கும் தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். காலவரையறையைச் சொல்லும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய கோரிக்கைக்கு மூன்று ஆண்டுகளே உண்டு. அதைப் பணம் அனுப்பிய ஏப்ரல் 17 இலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், தவறைக் கண்டுபிடித்த மே மாதத்திலிருந்து அல்ல. நிறுவனம் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாக எண்ணப்படும். “அடுத்த லோட், அடுத்த லோட்” என்ற வாய்ப்பேச்சை நம்பி ஆண்டுகளைக் கடத்துபவர்களுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

சபையில் அவர்கள் தவணைமுறையில் தர முன்வந்தால் மறுக்கவேண்டாம். ஒவ்வொரு தவணையின் தொகையும் திகதியும், பணம் வரவேண்டிய கணக்கு இலக்கமும் இணக்கப் பத்திரத்தில் எழுதப்பட வேண்டும். முதல் தவணையை அன்றைக்கே தரும்படியும் கேளுங்கள்.